ஓடும் படத்தில் முளைக்கும் சீப்புப் பற்கள்

புது டி.வி. வாங்கிய வீடு. 43 அங்குலத் திரை, கூடவே புது எச்.டி. செட்டாப் பாக்ஸ். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஓடுகிறது. பேட்ஸ்மேன் நின்று காப்பு சரிசெய்துகொள்ளும்வரை படம் கண்ணாடிபோல் இருக்கிறது. பந்தைத் தட்டிவிட்டு ஓடத் தொடங்கியதும் அவருடைய கை ஓரம், கால் ஓரம், மட்டையின் விளிம்பு எல்லாம் பல்பல்லாகப் பிரிகின்றன. யாரோ ஒரு சீப்பை எடுத்து ஆளின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிவைத்ததுபோல் இருக்கிறது. மறுமுனையை அடைந்து அவர் நின்றதும் பற்கள் காணாமல் போகின்றன.

இப்படிப்பட்ட வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் மாடியேறி டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி, கேபிள் முனையை இறுக்கி, சிக்னல் நன்றாக இருப்பதைக் காட்டிவிட்டுப் போகிறார். பற்கள் போவதில்லை. புது எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கும் போவதில்லை. கடைசியில் பழி டி.வி.யின் மேல் விழுகிறது.

டிஷ், கேபிள், சிக்னல் எதற்கும் இதில் பங்கில்லை. மழையில் சிக்னல் குறைந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும், அப்படியே உறைந்து நிற்கும், ஒலி வெட்டி வெட்டி வரும். கேபிள் பழுதானால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், அல்லது படமே கறுத்துப்போகும். படத்தில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கேபிளுக்குத் தெரியாது. ஓடுகிற ஆளின் ஓரத்தை மட்டும் தேடிப்பிடித்து அதனால் கெடுக்க முடியாது. ஓடும் பொருளின் விளிம்பில் மட்டும், மெல்லிய கிடைக்கோடுகளாக மட்டும் பற்கள் தெரிந்தால், அங்கே இரண்டு வேறு நேரங்களில் எடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு, எச்.டி. படம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080i என்ற வடிவில் ஒளிபரப்பாகின்றன. 1080 என்பது திரையில் மேலிருந்து கீழாக அடுக்கிய கோடுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கோட்டிலும் 1920 புள்ளிகள். கடைசியில் நிற்கும் 'i' என்ற சின்ன எழுத்து இன்டர்லேஸ் என்பதன் சுருக்கம். இந்த முறையில் 1080 கோடுகளும் ஒரே நேரத்தில் எடுக்கப்படுவதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கோடுகள் 540 எடுக்கப்படுகின்றன. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்து 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கோடுகள் 540. இந்த அரைப்படம் ஒவ்வொன்றையும் ஃபீல்டு என்பார்கள். நொடிக்கு 50 ஃபீல்டுகள் வருகின்றன. 'p' என்று முடியும் புரோகிரஸிவ் முறையில் இந்தப் பிரிவினை கிடையாது. ஒரு படத்தின் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்துக்கு உரியவை.

செய்திச் சேனலின் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகளில் ஒரு 'ட'வை மட்டும் உற்றுப் பார்க்கலாம். அந்தப் பட்டை திரையைக் கடக்க 8 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், எழுத்து நொடிக்கு 240 புள்ளிகள் நகர்கிறது. ஒரு ஃபீல்டுக்கும் அடுத்த ஃபீல்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 5 புள்ளிகள். இப்போது இரண்டு ஃபீல்டுகளையும் அப்படியே கோர்த்தால், ஒற்றைப்படைக் கோடுகளில் 'ட' ஓரிடத்தில் இருக்கும்; இரட்டைப்படைக் கோடுகளில் 5 புள்ளி இடப்பக்கம் தள்ளி இருக்கும். 'ட'வின் நெடுங்கோடு மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளிப்போய்ச் சீப்பாகிவிடும். அடியில் படுத்திருக்கும் கிடைக்கோட்டுக்கோ இரண்டு முனைகளைத் தவிர ஒன்றும் ஆகாது. 43 அங்குலத் திரையில் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆகவே பல்லின் கனம் அரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர். அதே திரையை ஒரு பேருந்து இரண்டே நொடியில் கடந்தால் பல்லின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வேகம் கூடக் கூடப் பல் நீளும். நின்றால் பல்லே இல்லை. கிரிக்கெட்டிலும் கபடியிலும் உறுத்துவது, செய்தி வாசிப்பவர் முகத்தில் தெரியாமல் போவது இதனால்தான்.

படத்தை ஏன் இப்படி இரண்டாகப் பிளக்க வேண்டும்? காரணம் 1930களில் இருக்கிறது. பழைய படக்குழாய் டி.வி.யில் எலெக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோடாகத் திரையைத் தடவிச் செல்லும். தடவிய இடம் ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். நொடிக்கு 25 முறை மட்டும் தடவினால் திரை கண்ணை உறுத்தும் அளவுக்குச் சிமிட்டும். நொடிக்கு 50 முழுப்படங்கள் அனுப்பலாம் என்றால் அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் பொறியாளர் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர் 1930-இலும், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. பொறியாளர் ராண்டால் பல்லார்டு 1932-இலும் இதற்கு ஒரே வழியைக் கண்டார்கள்: கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்புவது. திரை நொடிக்கு 50 முறை ஒளிரும்; அனுப்ப வேண்டியதோ பாதிதான்.

லண்டனில் 1936 நவம்பரில் பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதின. பெயர்டு நிறுவனத்தின் முறை 240 கோடுகளை நொடிக்கு 25 முழுப்படங்களாக அனுப்பியது. மார்கோனி-இ.எம்.ஐ. முறை 405 கோடுகளை 50 அரைப்படங்களாக அனுப்பியது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பிப் பார்த்துவிட்டு, சில மாதங்களிலேயே, 1937 பிப்ரவரியில், பெயர்டு முறையைக் கைவிட்டார்கள். 625 கோடு, 50 ஃபீல்டு என்று பின்னர் இந்தியாவுக்கு வந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது வீடுகளில் பார்த்ததும் அரை அரையாக வந்த படமே. அன்று யாரும் சீப்பைப் பார்க்கவில்லை. படக்குழாய் ஒரு ஃபீல்டை வரைந்து, அது மங்கும்போது அடுத்த ஃபீல்டை அதற்குரிய நேரத்தில் வரைந்தது. எடுத்த வரிசையிலேயே காட்டியதால் இரண்டு நேரங்கள் ஒரே படத்தில் கலக்கவில்லை.

இன்றைய எல்.இ.டி. திரைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது எல்லாக் கோடுகளையும் சேர்த்து ஒரே முழுப்படமாகப் பிடித்துவைத்துக் காட்டும். ஒளிபரப்பிலோ சிக்கனம் இன்னும் தேவைப்படுகிறது. நொடிக்கு 50 முழுப்படங்களாக 1080p அனுப்பினால் நொடிக்குப் பத்துக் கோடிக்கும் மேல் புள்ளிகள். 1080i என்றால் ஐந்து கோடிக்குச் சற்று மேல். ஆகவே படம் அரை அரையாக வருகிறது, திரை முழுசாகக் கேட்கிறது. நடுவில் யாராவது அரைகளைச் சேர்த்து முழுப்படம் ஆக்க வேண்டும். டீஇன்டர்லேஸிங் என்பது இந்த வேலைக்குப் பெயர். சீப்புப் பல் முளைப்பது இந்த வேலை சரியாக நடக்காதபோதுதான்.

இதைச் செய்ய எளிய வழிகள் இரண்டு. முதல் வழி நெய்வது. பாவு நூலில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கி நெய்வதுபோல, ஒற்றைப்படைக் கோடுகளுக்கு இடையில் இரட்டைப்படைக் கோடுகளைச் செருகிவிடுவது. அசையாத காட்சிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 1080 கோடுகளின் நுணுக்கமும் அப்படியே கிடைக்கும். ஆனால் ஏதாவது அசைந்தால் பல் முளைக்கும். இரண்டாவது வழி, ஒவ்வொரு ஃபீல்டையும் தனியே எடுத்து, விடுபட்ட கோடுகளை மேலும் கீழும் உள்ள கோடுகளைப் பார்த்து ஊகித்து நிரப்புவது. இதில் பல்லே வராது. ஆனால் நுணுக்கம் பாதியாகும். ஆடுகளத்தின் வெள்ளைக்கோடு, ஸ்கோர் பெட்டியின் மெல்லிய ஓரம் போன்றவை மேலும் கீழுமாகத் துடிக்கும்.

நல்ல டி.வி.யில் உள்ள சிப் இரண்டையும் கலந்து செய்கிறது. முந்தைய சில ஃபீல்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு, படத்தின் எந்தப் பகுதி அசைகிறது, எது அசையவில்லை என்று ஒப்பிடுகிறது. மைதானத்தின் புல்லை நெய்கிறது; ஓடும் ஆளை ஊகித்து நிரப்புகிறது. பெரும்பாலான டி.வி.களில் இந்த வேலைக்கென்று செட்டாப் பாக்ஸில் உள்ளதைவிடத் திறமையான சிப் இருக்கும். மலிவான பாக்ஸ்கள் சில, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நெய்துவிடுகின்றன.

கிரிக்கெட் பார்த்த வீட்டில் நடந்தது இதுதான். டி.வி. ரிமோட்டில் உள்ள 'Info' பொத்தானை அழுத்தினால் உள்ளே வரும் படத்தின் வடிவம் திரையின் மூலையில் தெரியும். அங்கே 1080p என்று இருந்தது. சேனல் அனுப்புவது 1080i, டி.வி.க்கு வந்து சேர்வது 1080p. ஆக, சேர்க்கும் வேலையை நடுவில் பாக்ஸ் செய்துவிட்டது. பாக்ஸைப் பொருத்தும்போது அமைப்புகளில் பல தேர்வுகள் இருந்தன. 'P' உயர்ந்தது என்று கேள்விப்பட்டு அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேள்விப்பட்டது தப்பில்லை. படம் எடுக்கும்போதே புரோகிரஸிவாக எடுத்திருந்தால் அது உயர்ந்ததுதான். இங்கே வருவது இன்டர்லேஸ் படம். 'P' என்று மாற்றினால் பாக்ஸின் சுமாரான சிப்பிடம் வேலையை ஒப்படைத்ததாக மட்டுமே ஆகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்ஸ் நெய்து அனுப்பிய படத்தில் பற்கள் ஏற்கெனவே பதிந்துவிட்டன. டி.வி.க்குள் எவ்வளவு நல்ல சிப் இருந்தாலும் அது இந்தப் படத்தைத் தொடாது. 'இது புரோகிரஸிவ், முழுப்படம்' என்ற அடையாளத்தோடு வந்திருப்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே அதற்குத் தோன்றாது. பாக்ஸின் மெனுவில் படம் அல்லது வீடியோ அமைப்புக்குள் போய், வெளியீட்டை 1080i என்று மாற்றினார்கள். பாக்ஸ் இப்போது ஃபீல்டுகளை வந்தபடியே அனுப்புகிறது, டி.வி. சேர்க்கிறது. ஓடும் பேட்ஸ்மேனின் ஓரம் சுத்தமானது. ஒரு ரூபாய் செலவில்லை.

எல்லா வீட்டிலும் 1080i தான் விடை என்றும் சொல்லிவிட முடியாது. டி.வி. பழையதாக, மலிவானதாக இருந்து பாக்ஸ் நல்லதாக இருந்தால் நிலைமை தலைகீழாகும். அங்கே பாக்ஸையே 1080p அனுப்பச் சொல்வது நல்லது. சில டி.வி.களில் 'Game' என்ற படமுறையைப் போட்டுவிட்டால் தாமதத்தைக் குறைப்பதற்காக இந்த ஒப்பிடும் வேலையைச் சுருக்கிக்கொள்ளும். அதிலும் பல் தெரியலாம். ஆகவே இரண்டு அமைப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அதற்குக் கிரிக்கெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எச்.டி. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துப்பட்டை போதும். ஒரே வேகத்தில் ஓயாமல் ஓடுகிறது, நெடுங்கோடுகள் நிறைய. திரையிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து 'ட', 'ப', 'ம' ஆகியவற்றின் நெடுங்கோட்டைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சோதிக்கும்போது படத்தை நிறுத்திவைத்துப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. பதிவு வசதியுள்ள பாக்ஸில் படத்தை நிறுத்தினால், சிலவற்றில் இரண்டு ஃபீல்டுகளையும் சேர்த்து உறையவைத்துவிடும். ஓடும்போது இல்லாத பல் நிற்கும்போது தெரியும். செல்போனில் படம் பிடித்துப் பார்ப்பதும் ஏமாற்றும். திரை ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரத்தில் கேமரா எடுத்துவிட்டால், இல்லாத இரட்டை ஓரம் பதிவாகும். ஓடும் படத்தைக் கண்ணால் பார்ப்பதே நம்பகமானது.

இந்த வீட்டில் ஒரு விஷயம் முதலில் எல்லோரையும் குழப்பியது. கிரிக்கெட்டில் பல் தெரிந்த அதே பாக்ஸில், அதே அமைப்பில், சினிமா சுத்தமாக ஓடியது. சண்டைக்காட்சியில்கூடப் பல் இல்லை. பழுது பாக்ஸில் இருந்தால் சினிமாவிலும் தெரிய வேண்டாமா என்று கேட்டார்கள். அதற்கு விடை சினிமா எடுக்கப்படும் முறையில் இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 முழுப்படங்கள். 50 ஃபீல்டு முறையில் ஒளிபரப்பும்போது வழக்கமாக அதைச் சற்று வேகமாக்கி 25 படங்களாக ஓட்டுவார்கள். அப்படி ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு முழுப்படத்தையும் இரண்டாகப் பிளந்து இரண்டு ஃபீல்டுகளாக அனுப்புகிறார்கள். இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் எடுத்த படத்தின் பாதிகள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நெய்தாலும் முழுப்படம் பிசகில்லாமல் திரும்பக் கிடைத்துவிடும். விளையாட்டு அப்படியில்லை, அங்கே ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனி நேரத்துக்கு உரியது.

பழுதைக் கண்டுபிடிக்க இது நல்ல தடயம். சினிமா சுத்தமாக இருந்து விளையாட்டில் மட்டும் பல் வந்தால், சேர்க்கும் இடத்தில் யாரோ எல்லாவற்றையும் நெய்கிறார்கள். சினிமாவில் பல் வந்தால் பாதிகள் ஜோடி மாறியிருக்கின்றன. முதல் படத்தின் பின்பாதியோடு இரண்டாம் படத்தின் முன்பாதி சேர்ந்துவிட்டது. சினிமா சுத்தமாக ஓட, அதன் அடியில் ஓடும் விளம்பர எழுத்தில் மட்டும் பல் தெரிவதும் உண்டு. படம் சினிமா என்று கண்டுகொண்ட சிப் திரை முழுவதையும் நெய்கிறது. ஆனால் எழுத்துப்பட்டையைச் சேனல் நிலையத்தில் தனியே 50 ஃபீல்டு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரே திரையில் இரண்டு கணக்கு. நல்ல சிப் மட்டுமே இரண்டையும் பிரித்துப் பார்க்கும்.

சாதாரண எஸ்.டி. சேனல்களுக்கு வேறு சிக்கல். அவற்றில் 576 கோடுகள் மட்டுமே, அவையும் இன்டர்லேஸ். பாக்ஸை 1080i-இல் வைத்திருந்தால் 576 கோடுகளை 1080 ஆக இழுத்துப் பெரிதாக்கும் வேலை பாக்ஸின் தலையில் விழுகிறது. நெய்துவிட்டுப் பிறகு இழுத்தால் பற்களும் சேர்ந்து பெரிதாகும். 43 அங்குலத் திரையில் எச்.டி. பல்லின் கனம் அரை மில்லிமீட்டர் என்றால், இழுத்துப் பெரிதாக்கிய எஸ்.டி. பல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ஓரம் மங்கி இருக்கும். இப்படித் தடித்த, மங்கிய பல்லைப் பார்த்தால், அது பெரிதாக்குவதற்கு முன்பே உண்டாகிவிட்டது என்று முடிவுசெய்யலாம். மாவை அரைத்த பிறகு அரிசியைப் பொறுக்க முடியாததுபோல், அதற்குப் பிறகு டி.வி.யால் ஒன்றும் செய்ய முடியாது. சில பாக்ஸ்களில் 'Native' என்றொரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் 576i வந்தால் 576i ஆகவும், 1080i வந்தால் 1080i ஆகவும் அப்படியே டி.வி.க்குப் போகும். எஸ்.டி. சேனல் அதிகம் பார்க்கும் வீட்டுக்கு அது நல்லது. சேனல் மாற்றும்போது திரை ஓரிரு நொடி கறுத்துவிட்டு வரும். அது பழுதல்ல, டி.வி. புது வடிவத்துக்கு மாறிக்கொள்ளும் நேரம்.

எந்த அமைப்பிலும் போகாத பல்லும் உண்டு. பழைய எஸ்.டி. நிகழ்ச்சியையோ ஆவணக் காட்சியையோ சேனலே தவறாக நெய்து எச்.டி.யாகப் பெரிதாக்கி ஒளிபரப்பினால், பல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே படத்தில் இருக்கிறது. அதே நேரத்தில் பக்கத்துச் சேனலில் ஓடும் எழுத்துப்பட்டை சுத்தமாக இருந்தால் பாக்ஸும் டி.வி.யும் சரியாக இருக்கின்றன. அப்போது புகார் செய்ய வேண்டியது சேனலிடம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் சொன்னால்தான் அங்கே இருப்பவர்களால் தேடிப் பார்க்க முடியும்.

பாக்ஸ்களை வீட்டுக்கு வீடு பொருத்தும் ஊழியர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு செய்திச் சேனலைப் போட்டு, 1080i-யிலும் 1080p-யிலும் ஓடும் எழுத்தைப் பார்த்து, எது சுத்தமாக இருக்கிறதோ அதில் வைத்துவிட்டுப் போனால் இந்தப் புகார்களில் பெரும்பகுதி எழாது. அதுவரை வீட்டில் இருப்பவர்களே அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்துகொள்ளலாம். எந்த அமைப்பு நன்றாக இருந்தது என்று ஒரு தாளில் குறித்துவைப்பதும் நல்லது. பாக்ஸின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு அமைப்புகள் சில சமயம் பழையபடி மாறிவிடும். ஒருநாள் திடீரென்று பற்கள் மறுபடி முளைத்தால், மாடியேறுவதற்கு முன் 'Info' பொத்தானை அழுத்தி அங்கே இருப்பது i-யா p-யா என்று பாருங்கள்.